"கொஞ்சம் பார்த்துவிடுங்கள்": ஒரு பின்னூட்ட மெயிலை மூன்று முறை எழுதிய கதை

சக ஊழியரின் வேலையில் பிழை கண்டால் அதை மெயிலில் எழுதுவது எப்படி என்பதற்கு அறிவுரைகள் ஏராளம். ஆனால் ஒரே பிழையைப் பற்றி ஒரே ஆள் எழுதிய இரண்டு மூன்று மெயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று பிடிபடும். இங்கே அப்படி ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்கிறோம். கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்க வசதியாக எண்கள் எளிமையாக வைக்கப்பட்டிருக்கின்றன.

நிலைமை

வாடிக்கையாளர் புகார்களைப் பற்றிய காலாண்டு அறிக்கை, மொத்தம் 14 பக்கம். எழுதியவர் இந்த வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆனவர். படித்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டியவர் அதே குழுவில் அனுபவம் கூடியவர், ஆனால் மேலதிகாரி அல்ல. அறிக்கை திங்கள் காலை அவர் கைக்கு வருகிறது. வியாழன் காலைக் கூட்டத்தில் அதை வைத்துத்தான் முடிவெடுக்கப் போகிறார்கள்.

பக்கம் 3-இல் முக்கியமான வரி: "சராசரித் தீர்வு நேரம் 3 நாள். 4 நாள் என்ற இலக்கு எட்டப்பட்டுவிட்டது." இதை நம்பிப் பக்கம் 11-இல் ஒரு பரிந்துரை: "ஆகவே புகார்ப் பிரிவிலிருந்து இரண்டு பேரை வேறு பணிக்கு மாற்றலாம்."

படித்தவருக்குக் கோபம் வருகிறது. திங்கள் மாலையே இப்படி எழுதி, மேலாளரையும் இன்னும் இருவரையும் சிசி-யில் போட்டுவைக்கிறார்:

> அறிக்கையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாக இருந்தது. அவசர அவசரமாகச் செய்த மாதிரி தெரிகிறது. எண்கள் எல்லாம் தப்பு. எப்போதும் சொல்வதுதான், இன்னும் கவனம் தேவை. 11 பக்கம் படித்த பிறகுதான் என்ன சொல்ல வருகிறீர்கள் என்றே புரிகிறது. எழுத்துப்பிழைகளைக்கூடப் பார்க்கவில்லை. இந்த நிலையில் இதை மேலே அனுப்ப முடியாது. தயவுசெய்து மொத்தமாகத் திருத்தி அனுப்பவும்.

நல்ல வேளையாக இது வரைவிலேயே நின்றது.

முதல் வரைவில் என்ன இருக்கிறது

இதை மென்மையாக்குவதற்கு முன் செய்ய வேண்டியது பிரித்துப் பார்ப்பது. ஒன்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒரு எழுத்தைப் போடலாம்: 'க' என்றால் கண்டது, 'ஊ' என்றால் ஊகம், 'தீ' என்றால் தீர்ப்பு. கண்டது என்றால் இன்னொருவரும் அதே பக்கத்தைத் திறந்து சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும்.

"அவசர அவசரமாகச் செய்த மாதிரி" என்பது ஊகம். எழுதியவர் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கலாம், யார் கண்டது? "ஏமாற்றமாக இருந்தது" என்பது எழுதுபவரின் மனநிலை. அறிக்கையில் எதையும் அது சுட்டவில்லை. "எண்கள் எல்லாம் தப்பு" பார்க்க 'க' போல இருக்கும், ஆனால் எந்த எண் என்று சொல்லாததால் அதுவும் தீர்ப்புதான். "எப்போதும் சொல்வதுதான்" பழைய கணக்கை இழுக்கிறது. "மேலே அனுப்ப முடியாது" என்பதில் எழுதுபவருக்கு இல்லாத அதிகாரம் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கிறது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால், முடிவு 11-ஆம் பக்கம் வரை வரவில்லை என்பதும் எழுத்துப்பிழைகள் இருக்கின்றன என்பதும் மட்டும் மிஞ்சும். உண்மையில் பெரிய பிழை பக்கம் 3-இல் இருக்கிறது. அது எது என்று இந்த மெயிலில் ஒரு வரிகூட இல்லை! கடுமையாக எழுதினால் நேர்மையாக எழுதியதாகிவிடும் என்ற நினைப்பு இங்கேதான் உடைகிறது. இந்த மெயில் கடுமையானது, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை.

கடுமையின் இன்னொரு விலை, கவனம் எங்கே போகிறது என்பது. குளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல் பின்னூட்டம் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி, 607 விளைவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பின்னூட்டம் வேலையை மேம்படுத்தியது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் அது வேலையைக் கெடுத்தது. கவனம் செய்யும் வேலையை விட்டுத் தன்னைப் பற்றியே திரும்பும்போது பின்னூட்டத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மேலே உள்ள மெயிலை வாங்குபவர் பக்கம் 3-ஐத் திறக்க மாட்டார். "என்னைப் பற்றி இவர் இப்படித்தான் நினைக்கிறாரா, மேலாளருக்கும் ஏன் போட்டார்" என்பதிலேயே அரை நாள் போய்விடும்.

எழுதுவதற்கு முன் சரிபார்ப்பு

பலர் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்து நேராகச் சொற்களை மாற்றப் போவார்கள். மெயிலின் நேர்மை உருவாவது இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

"எண்கள் எல்லாம் தப்பு" என்று எழுத வைத்தவை இரண்டு. ஒன்று, அறிக்கையில் மொத்தப் புகார்கள் 1,600 என்று இருக்கிறது, நிறுவனத்தின் புகார்ப் பதிவுத் திரையிலோ 1,640. இரண்டாவது, அந்த 3 நாள் சராசரி.

முதலாவதைத் தேடிப் போனால் பக்கம் 4-இன் அடிக்குறிப்பில் விடை இருக்கிறது: ஒரே வாடிக்கையாளர் ஒரே விஷயத்துக்கு இரண்டு முறை பதிந்த 40 புகார்கள் நீக்கப்பட்டுள்ளன. ஆக, பிழை என்று நினைத்தது உண்மையில் நல்ல வேலை. அடிக்குறிப்பைப் படிக்காதது படித்தவரின் தவறு. முதல் வரைவு போயிருந்தால், எழுதியவர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லியிருப்பார், உண்மையான பிழை பேச்சுக்கே வராமல் போயிருக்கும். ஒரு தவறான குற்றச்சாட்டு சரியான குற்றச்சாட்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

இரண்டாவது நிஜமான பிழை. பக்கம் 5-இல் வட்டார வாரியான அட்டவணை இருக்கிறது: வடக்கில் 1,200 புகார்கள், சராசரி 6 நாள். தெற்கில் 300, 3 நாள். கிழக்கில் 60, 2 நாள். மேற்கில் 40, 1 நாள். எழுதியவர் 6, 3, 2, 1 இவற்றைக் கூட்டி நான்கால் வகுத்திருக்கிறார். 3 வருகிறது. ஆனால் வடக்கின் 1,200 புகார்களும் மேற்கின் 40 புகார்களும் இதில் ஒரே கனம் பெறுகின்றன. சராசரிகளுக்குச் சராசரி எடுக்கும்போது விழும் பழைய குழி இது. புகார் எண்ணிக்கையால் எடையிட்டால்:

```
=AVERAGE(C2:C5)                        3
=SUMPRODUCT(B2:B5,C2:C5)/SUM(B2:B5)    5.1625
```

B நிரலில் புகார்கள், C நிரலில் நாட்கள். 8,260-ஐ 1,600-ஆல் வகுத்தால் வருவது ஏறத்தாழ 5.2 நாள். இலக்கு 4. எட்டிவிட்டோம் என்பது எட்டவில்லை என்று மாறுகிறது, இரண்டு பேரை எடுத்துவிடலாம் என்ற பரிந்துரைக்கும் அடி ஆடுகிறது.

சரிபார்க்கும்போதே இன்னொன்றும் கண்ணில் படுகிறது. பக்கம் 6-இல் எழுதியவர் 'முதல் பதில்' போன நேரத்தையும் 'தீர்வு' கிடைத்த நேரத்தையும் தனித்தனி நிரலாகப் பிரித்திருக்கிறார். நான்கு வட்டாரங்களிலும் முதல் பதில் ஒரு நாளுக்குள் போய்விடுகிறது. வடக்கில் தாமதம் அதற்குப் பிறகுதான். இதுவரை வந்த அறிக்கைகளில் இந்தப் பிரிப்பு இல்லை. கோபத்தோடு படித்தபோது இது கண்ணிலேயே படவில்லை.

இரண்டாம் மெயில்: மென்மை எப்படிக் காலை வாரியது

சரிபார்த்த பிறகு கோபம் தணிந்துவிட்டது. அடிக்குறிப்பைத் தவறவிட்ட குற்ற உணர்வும் சேர, அடுத்த மெயில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. சிசி இல்லாமல் செவ்வாய் காலை இது அனுப்பவும்பட்டது:

> வணக்கம். அருமையான அறிக்கை, நல்ல உழைப்பு! ஒரே ஒரு சின்ன விஷயம், முடிந்தால் சராசரியை மட்டும் ஒருமுறை கொஞ்சம் பார்த்துவிடுங்கள். மற்றபடி எல்லாம் பிரமாதம். நன்றி.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது: "நன்றி! சராசரியைச் சரிபார்த்தேன், 3 நாள்தான் வருகிறது."

அவர் பொய் சொல்லவில்லை. AVERAGE சூத்திரத்தை மறுபடி ஓட்டினால் மறுபடியும் 3 தான் வரும். "பார்த்துவிடுங்கள்" என்று கேட்டதை அவர் செய்துவிட்டார். கூட்டல் வகுத்தலில் பிழை இல்லை, எதை எதோடு கூட்டினோம் என்பதில்தான் பிழை. அது மெயிலில் இல்லை. பின்னூட்டம் தெளிவாகப் போய்ச் சேரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடையாது: வாங்கியவர் உடனே, மகிழ்ச்சியோடு, எதையும் மாற்றாமல் பதில் போடுகிறார்.

இந்தச் சின்ன மெயிலில் எத்தனை தணிப்புச் சொற்கள் என்று பாருங்கள். 'ஒரே ஒரு', 'சின்ன', 'முடிந்தால்', 'மட்டும்', 'ஒருமுறை', 'கொஞ்சம்'. ஒரு வாக்கியத்தில் ஆறு. நேரில் பேசும்போது இவை பாதகமில்லை, முகமும் குரலும் மீதியைச் சொல்லிவிடும். மெயிலில் சொற்கள் மட்டுமே போகின்றன. நாம் மெயிலில் வைத்த தொனி எதிராளிக்கு அப்படியே புரியும் என்று நாம் நம்பும் அளவுக்கு அவருக்குப் புரிவதில்லை என்று 2005-இல் குரூகர், எப்லி முதலானோர் செய்த சோதனைகள் காட்டின. எழுதும்போது நம் காதில் நம் குரல் ஒலிக்கிறது, வாசிப்பவர் காதில் அது இல்லை. "கொஞ்சம் பார்த்துவிடுங்கள்" என்பதை எழுதியவர் 'இது பெரிய பிழை, நாசூக்காகச் சொல்கிறேன்' என்ற குரலில் கேட்கிறார். வாங்கியவரோ 'சும்மா ஒரு சம்பிரதாயம்' என்று படிக்கிறார்.

இரண்டு மெயில்களில் எது நேர்மைக் குறைவு என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். முதலாவது மரியாதை இல்லாதது. இது, கூட்டத்தில் பத்துப் பேர் முன்னால் யாராவது அந்த 3-ஐக் கேள்வி கேட்கும்வரை பிழையை எழுதியவரிடமிருந்து மறைத்துவைக்கிறது.

மூன்றாம் மெயில்

செவ்வாய் மதியம் போன மெயில் இது. முழுதாகவே தருகிறோம்.

> பொருள்: காலாண்டுப் புகார் அறிக்கை: பக்கம் 3 சராசரி, பக்கம் 11 பரிந்துரை, புதன் மாலைக்குள்
>
> வணக்கம்.
>
> காலையில் நான் எழுதியது தெளிவாக இல்லை, மன்னிக்கவும். வியாழன் கூட்டத்துக்கு முன் ஒரு திருத்தம் அவசியம் என்று நினைக்கிறேன். வேறொரு மாற்றம் யோசனை மட்டுமே.
>
> அவசியமானது: பக்கம் 3-இல் சராசரித் தீர்வு நேரம் 3 நாள் என்று இருக்கிறது. இது பக்கம் 5 அட்டவணையின் நான்கு வட்டாரச் சராசரிகளைக் கூட்டி நான்கால் வகுத்த எண். கூட்டல் சரிதான். ஆனால் வடக்கில் 1,200 புகார்கள், மேற்கில் 40. இந்தக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே கனம் விழுகிறது. புகார் எண்ணிக்கையால் எடையிட்டால் 5.2 நாள் வருகிறது. கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன், D2 கட்டத்தைப் பாருங்கள். 5.2 சரி என்றால் 4 நாள் இலக்கு எட்டப்படவில்லை, பக்கம் 11-இல் இரண்டு பேரை மாற்றும் பரிந்துரையும் நிற்காது. வட்டாரங்களின் மூலத் தரவு என்னிடம் இல்லை, உங்கள் அட்டவணையை வைத்தே கணக்கிட்டேன். அதில் எனக்குத் தெரியாத ஏதாவது இருந்தால் என் எண்ணும் மாறும்.
>
> யோசனை: பரிந்துரையை இரண்டு வரியில் பக்கம் 1-இலேயே வைத்தால் கூட்டத்தில் எடுத்த எடுப்பில் பேச்சு அங்கே வரும். இது உங்கள் விருப்பம்.
>
> பக்கம் 6-இல் முதல் பதிலையும் தீர்வையும் பிரித்துக் காட்டியிருப்பதை அப்படியே வைத்திருங்கள். வடக்கில் சிக்கல் பதில் சொல்வதில் இல்லை, அதற்குப் பிறகுதான் என்பது இந்த அட்டவணையால்தான் தெரிகிறது. பரிந்துரையைத் திருத்தும்போதும் இதுவே உதவும். இரட்டைப் பதிவு 40-ஐ நீக்கியதும் சரி. நான் முதலில் அதைப் பிழை என்று நினைத்தேன், பிறகுதான் அடிக்குறிப்பைப் பார்த்தேன்.
>
> பக்கம் 3-ம் 11-ம் புதன் மாலை 4 மணிக்குள் வந்தால் அன்றே படித்துவிடுவேன். பரிந்துரையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இன்று 3 மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

இதில் சில முடிவுகள் மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது.

பிழையைச் சொன்ன பத்தி ஒரு வரிசையில் போகிறது: எங்கே இருக்கிறது, என்ன செய்திருக்கிறது, அதனால் என்ன ஆகும். பணியிடப் பயிற்சிகளில் இதை 'சூழல், செயல், விளைவு' என்ற முறையாகச் சொல்லித் தருவார்கள். பலர் முதல் இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். "எடையிடவில்லை" என்பதோடு நின்றிருந்தால் அது இலக்கணத் திருத்தம் போல இருந்திருக்கும். பக்கம் 11 வரை போய்த் தொட்டதால்தான் இது ஏன் அவசியம் என்பதற்கு வேறு அடைமொழி தேவைப்படவில்லை. 'முக்கியம்', 'மிகவும் கவனிக்கத்தக்கது' என்றெல்லாம் எழுதத் தோன்றினால், விளைவு இன்னும் எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

"கூட்டல் சரிதான்" என்ற இரண்டு சொற்கள் காலையில் வந்த பதிலுக்குப் பதில். அவர் சரிபார்த்தது வீணில்லை, ஆனால் சரிபார்க்க வேண்டிய இடம் வேறு என்று அது சொல்கிறது. இது இல்லையென்றால் அவர் மூன்றாவது முறையும் AVERAGE-ஐ ஓட்டுவார்.

பாராட்டு பிழைக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது, வேண்டுமென்றே. முதலில் புகழ்ந்து, நடுவில் குறை சொல்லி, மறுபடி புகழ்ந்து முடிக்கும் பழக்கத்தை அலுவலகத்தில் எல்லோரும் கண்டுகொண்டுவிட்டார்கள். முதல் வரியில் "அருமை" என்று வந்தாலே 'ஆனால்' எங்கே என்று கண் தேட ஆரம்பிக்கும், அந்தப் பாராட்டு வாசிக்கப்படாமலே போகும். இங்கே பாராட்டுக்கும் பக்க எண் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்பதும் இருக்கிறது. குறைக்கு எவ்வளவு ஆதாரம் தந்தோமோ அவ்வளவு பாராட்டுக்கும் தர வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் மெத்தை.

எழுத்துப்பிழைகள் காணாமல் போய்விட்டன. அவற்றை அறிக்கைக் கோப்பிலேயே திருத்தக் குறிப்புகளாகப் போட்டாயிற்று. ஏழு எழுத்துப்பிழைகளையும் தலைகீழாகும் ஒரு முடிவையும் ஒரே மெயிலில் போட்டால், முதலில் திருத்தப்படுவது எழுத்துப்பிழைகள்தான், சுலபம் என்பதால்.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் சில இடறல்கள்

'-உம்' விகுதி ஏவல், "திருத்தி அனுப்பவும்", சுற்றறிக்கையின் குரல். முன்னால் 'தயவுசெய்து' போட்டாலும் அது ஆணையாகவே படும். சமநிலையில் உள்ளவருக்கு "புதன் மாலைக்குள் வந்தால் அன்றே படித்துவிடுவேன்" என்று எழுதும்போது கெடு இருக்கிறது, உத்தரவு இல்லை, நம் பங்கும் சொல்லப்பட்டுவிடுகிறது.

'கூட' இரண்டெழுத்துச் சொல்தான், ஆனால் விஷம். "எழுத்துப்பிழைகளைக்கூடப் பார்க்கவில்லை" என்றால் 'இதுவே செய்யாதவர் வேறென்ன செய்திருப்பார்' என்று முழுதும் கேட்கும். அனுப்புவதற்கு முன் வரைவில் 'கூட', 'எல்லாம்', 'எப்போதும்' மூன்றையும் தேடிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

'ஏன்' என்று தொடங்கும் கேள்வி எழுத்தில் பெரும்பாலும் குற்றச்சாட்டாகவே விழும். "ஏன் எடையிடவில்லை?" என்பதற்குப் பதிலாக "3 எந்தக் கணக்கில் வந்தது?" என்று கேட்டால் தகவல் வரும்.

செயப்பாட்டு வினை இன்னொரு வகை. "இலக்குக் கணக்கு சரியாகக் கவனிக்கப்படவில்லை" என்று எழுதினால் ஆளைச் சொல்லாமல் தப்பித்த மாதிரி தோன்றும். வாசிப்பவருக்கு ஆள் யார் என்று நன்றாகவே தெரியும், கூடவே இவருக்கு நேராகச் சொல்லத் துணிவில்லை என்பதும் தெரியும். மேலே உள்ள மெயிலில் இதற்கு வேறு வழி எடுத்திருக்கிறார்கள்: எழுவாய் ஆளாக இல்லாமல் பொருளாக இருக்கிறது. "இது … கூட்டி நான்கால் வகுத்த எண்." செய்தவரை ஒளிக்கவும் இல்லை, சுட்டவும் இல்லை. 'நாம் கவனமாக இருக்க வேண்டும்' என்ற போலி 'நாம்' இதைவிட மோசம். செய்தது ஒருவர் என்று இருவருக்குமே தெரிந்திருக்கும்போது அந்த 'நாம்' குழந்தையிடம் பேசுவது போல ஆகிவிடும்.

மெயிலில் வைக்கக் கூடாதது

மூன்றாம் மெயில் ஒரே ஒரு அறிக்கையின் ஒரே ஒரு எண்ணைப் பற்றியது, அதனால் எழுத்தில் நிற்கிறது. இதே பிழை முந்தைய இரண்டு காலாண்டுகளிலும் வந்திருந்தால் அதைப் பற்றிப் பேச வேண்டும்தான், ஆனால் இந்த மெயிலில் ஒரு வரியாகச் சேர்த்து அல்ல. "இது மூன்றாம் முறை" என்ற சொற்கள் ஒரு வேலையின் பின்னூட்டத்தை ஆளின் மீதான பின்னூட்டமாக மாற்றிவிடும். அதை நேரில் பேசிவிட்டு, ஒப்புக்கொண்டதை மட்டும் பிறகு மெயிலில் எழுதி வைக்கலாம். மேலாளரை சிசி-யில் போடுவதும் அப்படியே: வியாழன் கூட்டத்துக்குத் திருத்தம் வராது என்று தெரிந்த பிறகே அதற்கு இடம், அதையும் எழுதியவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

பதில்

செவ்வாய் மாலை வந்த பதிலில்தான் இந்த நிகழ்வின் சுவாரசியம். எழுதியவர் எடையிடும் விஷயத்தை ஒப்புக்கொண்டார். கூடவே ஒன்று சொன்னார்: வடக்கின் 6 நாள் விடுமுறை நாட்களையும் சேர்த்த கணக்கு, மற்ற மூன்று வட்டாரங்களும் வேலை நாட்களை மட்டும் அனுப்பியிருக்கின்றன, இலக்கும் வேலை நாட்களில் சொல்லப்பட்டதுதான். வடக்கை வேலை நாட்களுக்கு மாற்றினால் 4.5 வருகிறது. எடையிட்டால்:

```
(1200*4.5 + 300*3 + 60*2 + 40*1)/1600 = 4.0375
```

3-ம் இல்லை, 5.2-ம் இல்லை. இலக்கின் விளிம்பிலேயே நிற்கிறது. "எனக்குத் தெரியாத ஏதாவது இருந்தால் என் எண்ணும் மாறும்" என்ற வரி அடக்கத்துக்காக எழுதப்பட்டதாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் அதுதான் இந்தத் தகவலை வெளியே கொண்டுவந்த வாசல். "சரியான விடை 5.2, மாற்றுங்கள்" என்று முடித்திருந்தால் ஒன்றரை வருட அனுபவம் உள்ளவர் அப்படியே மாற்றியிருப்பார், கூட்டத்துக்கு வேறொரு தவறான எண் போயிருக்கும், இந்தமுறை மூத்தவரின் பெயரில்.

அதற்குப் போன மறுமொழி:

> நாள் கணக்கு வேறுபடுவதை நான் கவனிக்கவில்லை. 4.04 என்பதே சரி, என் 5.2-ஐ விட்டுவிடுங்கள். வடக்கு எந்த நாள் கணக்கில் வந்தது, எப்படி மாற்றினீர்கள் என்பதைப் பக்கம் 5-இல் அடிக்குறிப்பாகப் போட்டால் கூட்டத்தில் கேட்பவருக்கு அங்கேயே விடை இருக்கும். பக்கம் 11 பற்றி: விளிம்பில் இருக்கும்போது இரண்டு பேரை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த காலாண்டு எண் வரும்வரை தள்ளிவைக்கலாம் என்பது என் கருத்து. நீங்கள் வேறாக நினைத்தால் காரணத்தை அங்கேயே எழுதிவிடுங்கள்.

புதன் மாலை 3:40-க்குத் திருத்திய பக்கங்கள் வந்தன. பரிந்துரை தள்ளிவைக்கப்பட்டிருந்தது, பக்கம் 5-இல் அடிக்குறிப்பு இருந்தது. பரிந்துரையைப் பக்கம் 1-க்குக் கொண்டுவரும் யோசனையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பற்றி மறுபடி யாரும் மெயில் எழுதவும் இல்லை.